கோடு போடும் முன் மனையைப் படிப்பது எப்படி? வெயில், தண்ணீர், காற்று, சத்தம், பார்வை

மனை பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரு டேப்பும் போன் கேமராவும் எடுத்துக்கொண்டு போவார்கள். நீள அகலத்தை அளந்து, நாலு மூலையிலும் நின்று படம் பிடித்து, வீடு திரும்பியதும் ஹால் எங்கே, கிச்சன் எங்கே என்று வரைய உட்கார்ந்துவிடுவார்கள். 40-க்கு 60 என்ற அளவு மட்டும் கையில் இருந்தால் வரும் பிளானைத் தாம்பரத்திலும் கட்டலாம், தஞ்சாவூரிலும் கட்டலாம். இரண்டு ஊரிலும் அது சுமாரான வீடாகத்தான் இருக்கும்.

வரைவதற்கு முன் மனையில் ஐந்து விஷயங்களைக் கவனித்து எழுதிக்கொள்வதைத்தான் ‘சைட் அனாலிசிஸ்’, மனை ஆய்வு என்கிறார்கள். வெயில் எந்தப் பக்கமிருந்து எப்போது வருகிறது, காற்று எங்கிருந்து அடிக்கிறது, மழைத்தண்ணீர் எங்கே போகிறது, சத்தம் எங்கிருந்து கேட்கிறது, எந்தப் பக்கம் பார்த்தால் என்ன தெரிகிறது என்பவை அந்த ஐந்து. பட்டியல் சின்னதுதான். எழுதும் விதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

எழுதும்போது ஒவ்வொரு குறிப்பிலும் திசை, மணி, மாதம் மூன்றும் இருக்க வேண்டும். தீர்வு எதுவும் இருக்கக் கூடாது. “மேற்கில் ஜன்னல் வேண்டாம்” என்பது முடிவு. “மே மாதம், பிற்பகல் 2 மணி முதல் மேற்குச் சுவரில் வெயில்” என்பது குறிப்பு. முடிவை முதலிலேயே எழுதிவிட்டால், அந்த முடிவு எந்தக் காரணத்தால் வந்தது என்பது ஒரு வாரத்தில் மறந்துவிடும். பிறகு அந்தக் காரணம் பொய்யென்று தெரிந்தாலும் முடிவு மட்டும் பிளானில் உட்கார்ந்திருக்கும். கீழே வரும் மனையில் மேற்குப் பக்கத்துக்கு அதுதான் நடக்கப் பார்க்கிறது.

விளக்கத்துக்காக ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். சென்னைக்குத் தெற்கே, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதிகளில் சகஜமாகக் காணக்கூடிய ஒரு கிரவுண்டு மனை அது. 2,400 சதுர அடி. கிழக்கே தெரு. தெருவோரம் 40 அடி, உள்ளே மேற்காக 60 அடி. மேற்கே ஒட்டினாற்போல் சுமார் 30 அடி உயர அடுக்குமாடிக் குடியிருப்பு. வடக்கே தரைத்தளம் மட்டும் உள்ள ஒரு பழைய வீடு, அதன் கொல்லையில் வேப்பமரம். தெற்கே காலி மனை. அதற்கு அப்பால் ஓர் ஏரி தெரிகிறது. தெருவின் எதிர்ப்பக்கம், தென்கிழக்கு மூலையில் ஒரு கல்யாண மண்டபம்.

முதலில் வடக்கு எது என்று தெரிய வேண்டும்

புரோக்கர் சொல்லும் ‘கிழக்குப் பார்த்த மனை’ நேர் கிழக்கிலிருந்து 15, 20 டிகிரி விலகி இருப்பது சாதாரணம். வெயில் கணக்குக்கு அந்த விலகல் பெரியது. போனில் உள்ள திசைகாட்டியை நம்பலாம். ஆனால் நிறுத்திய கார், டிரான்ஸ்ஃபார்மர், குவித்து வைத்த முறுக்குக் கம்பி இவற்றின் பக்கத்தில் நின்று பார்த்தால் முள் எங்கேயோ காட்டும். மனையில் நாலைந்து இடங்களில் பார்த்து, எல்லாம் ஒன்றுபோல் சொல்கிறதா என்று சரிபாருங்கள்.

சந்தேகம் வந்தால் பழைய முறை இருக்கிறது. நாலடிக் கம்பு ஒன்றைத் தூக்குக்குண்டு பிடித்து நேராக நட்டு, அதைச் சுற்றிக் கயிற்றால் ஒரு வட்டம் போடுங்கள். காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு ஆணி. மாலையில் மறுபடி தொடும் இடத்தில் இன்னொரு ஆணி. இரண்டையும் இணைக்கும் கோடுதான் கிழக்கு மேற்கு. நம் சிற்பிகள் சங்கு நட்டுத் திசை கண்டதும் இப்படித்தான்.

‘உச்சி வேளை நிழல் வடக்கே காட்டும்’ என்ற குறுக்குவழியைச் சென்னையில் நம்பக் கூடாது. ஏன் என்பதில்தான் நம் ஊர் வெயிலின் கதையே இருக்கிறது.

வெயில்

சென்னை சுமார் 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. சூரியன் ஆண்டுக்கு இரண்டு முறை சரியாக நம் தலைக்கு மேல் வரும்: ஏப்ரல் 24-ஐ ஒட்டி ஒருமுறை, ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி இன்னொரு முறை. நிழலில்லா நாள் என்று பள்ளிகளில் கம்பு நட்டுக் காட்டுகிறார்களே, அந்த நாட்கள்தான். இடைப்பட்ட நாலு மாதங்களும் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். நிழல் தெற்கே விழும். ஆகவே ‘வடக்கு ஜன்னலில் வெயிலே வராது’ என்ற பேச்சு டில்லியில் நண்பகலுக்காவது பொருந்தலாம், சென்னையில் அதற்கும் பொருந்தாது. ஜூனில் சூரியன் உதிப்பதே நேர் கிழக்கிலிருந்து 24 டிகிரி வடக்கே தள்ளித்தான். மறைவதும் அதே அளவு வடக்கே தள்ளி. காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயில் வடக்குச் சுவரைத் தடவிக்கொண்டு போகும்.

டிசம்பரில் எல்லாம் தலைகீழ். நண்பகலில் சூரியன் தெற்கே, தரையிலிருந்து சுமார் 53 டிகிரி உயரத்தில் நிற்கும். வருடத்தில் தெற்குச் சுவர் அதிக வெயில் வாங்குவது அப்போதுதான். அந்த வெயில் யாருக்கும் பெரிதாக உறுத்தாது.

இதையெல்லாம் கவனிக்க ஒரு வருடம் மனையில் காத்திருக்க வேண்டியதில்லை. `SunCalc` போன்ற தளத்தில் மனையின் இடத்தைக் குறித்து, தேதியையும் மணியையும் மாற்றினால் சூரியன் நிற்கும் திசையும் உயரமும் வந்துவிடும். ஏப்ரல் 24, ஜூன் 21, டிசம்பர் 21, இவற்றோடு வெயில் கொல்லும் மே நடுவில் ஒரு நாள். ஒவ்வொரு நாளுக்கும் காலை 9, நண்பகல், மாலை 4. இந்தப் பன்னிரண்டு எண்கள் ஒரு வீட்டுக்குப் போதும்.

எண்ணை எடுத்தபின் அதை வைத்து என்ன செய்வது? மே நடுவில் மாலை 4 மணிக்குச் சூரியன் மேற்கே, சற்று வடக்குச் சாய்வாக, சுமார் 33 டிகிரி உயரத்தில் இருக்கிறது. மேற்குச் சுவரில் ஜன்னலுக்கு மேல் வழக்கமான 2 அடி சன்ஷேட் போட்டால், அதன் நிழல் எவ்வளவு கீழே இறங்கும்? ஏறக்குறைய 1 அடி 4 அங்குலம். நாலடி உயர ஜன்னலில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக, முகத்தில் அறையும் வெயில். அதே சன்ஷேட் தெற்குச் சுவரில் டிசம்பர் நண்பகலில் 2 அடி 8 அங்குலம் நிழல் தருகிறது. நாலு பக்கமும் ஒரே சன்ஷேட் போடும் பழக்கம் எவ்வளவு பொருளற்றது என்று இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

இப்போது நம் மனைக்கு வருவோம். மேற்கு என்றதும் பயந்து, அந்தப் பக்கம் முழுக்கக் குளியலறையும் மாடிப்படியும் என்று கை தானாக வரைந்துவிடும். ஆனால் அங்கே 30 அடி உயரத்தில் அடுக்குமாடி நிற்கிறதே. அதன் சுவருக்கும் நம் வருங்காலச் சுவருக்கும் இடையே பத்தடி இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். மே மாதம் 4 மணிக்கு அதன் நிழல் நம் மேற்குச் சுவரில் தரையிலிருந்து 23 அடி உயரம் வரை ஏறிவிடும். அதாவது தரைத்தளம், முதல் தளம் இரண்டும் நிழலில். 3 மணிக்கு 18 அடி வரை. 2 மணிக்குக்கூடத் தரைத்தளத்தின் பெரும்பகுதி நிழல்தான். மனை விலையைக் குறைத்துப் பேச எல்லோரும் காட்டும் அந்த அசிங்கமான சுவர், வீட்டுக்குக் காசில்லாத நிழல்.

சூரியப் பாதையை வெறும் வட்டமாக வரைந்து வைப்பதால் இது தெரியாது. சுற்றியுள்ள கட்டடங்களின் உயரத்தையும் குறித்திருந்தால்தான் தெரியும். உயரம் தெரியாவிட்டால் மாடிகளை எண்ணித் தளத்துக்குப் பத்தடி என்று போட்டுக்கொள்ளலாம். கைப்பிடிச் சுவரை மறக்க வேண்டாம்.

தண்ணீர்

ஐந்தில் அதிக நேரம் கொடுக்க வேண்டியது இதற்குத்தான். வெயில் கணக்கில் பிசகினால் திரைச்சீலை போட்டுச் சமாளிக்கலாம். தண்ணீர் கணக்கில் பிசகினால் ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் மோட்டார் வைத்து இறைக்க வேண்டியதுதான்.

முதலில் அளவைப் புரிந்துகொள்ளுங்கள். ஒரு கிரவுண்டில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 22,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஏறக்குறைய இரண்டு. வடகிழக்குப் பருவத்தில் சென்னையில் ஒரே நாளில் இவ்வளவு பெய்வது அதிசயமில்லை. இந்த இரண்டு லாரித் தண்ணீரும் எந்த வழியாக, எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

அதற்கு மட்டம் எடுக்க வேண்டும். சர்வேயர் கருவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். 70 அடி நீளத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்புங்கள். உள்ளே ஒரு காற்றுக் குமிழிகூட இருக்கக் கூடாது; குமிழி நின்றால் இரண்டு முனையும் ஒரே மட்டம் காட்டாது, அளவு முழுக்க வீண். அசையாத, உடைக்கப்படாத ஓர் இடத்தைத் தேர்ந்து பெயிண்டால் குறியிடுங்கள். நம் உதாரணத்தில் மனைக்கு எதிரே தெரு நடுவின் மட்டத்தைப் பூஜ்யமாக வைத்து, அதை எதிர் வீட்டுத் தூணில் குறித்துக்கொள்வோம். (தெருவிலேயே குறியிட்டால் அடுத்த முறை ரோடு போடும்போது குறியும் போய்விடும், மட்டமும் மாறிவிடும்.) பிறகு மனையை 20 அடிக் கட்டங்களாகப் பிரித்தால் பன்னிரண்டு புள்ளிகள். ஒவ்வொன்றும் பூஜ்யத்துக்கு எத்தனை அங்குலம் கீழே என்று எழுதுங்கள்.

நம் மனையில் வடகிழக்கு மூலை 8 அங்குலம் கீழே. வடமேற்கு 11. தென்கிழக்கு 13. தென்மேற்கு 19. எல்லா மூலைகளும் தெருவை விடத் தாழ்வு. பழைய தார் அடுக்கைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டதன் பலன். மனைக்குள் தண்ணீர் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஓடி, அங்கிருந்து தெற்கே காலி மனை வழியாக ஏரிப் பக்கம் போகிறது. வெறும் கண்ணுக்கு இந்த மனை தட்டையாகத்தான் தெரியும்.

அடுத்து, தெருவோர மழைநீர் வடிகாலின் மூடியைத் திறந்து அதன் அடித்தளம் எவ்வளவு ஆழம் என்று கம்பு விட்டுப் பாருங்கள். நம் உதாரணத்தில் பூஜ்யத்துக்கு 24 அங்குலம் கீழே. ‘நம் தரை 19, வடிகால் 24, ஐந்து அங்குலம் சரிவு இருக்கிறதே, போதும்’ என்று தோன்றும். போதாது. குழாயில் தண்ணீர் ஒழுங்காக ஓட 100 அடிக்கு ஓர் அடியாவது சரிவு வேண்டும். தென்மேற்கு மூலையிலிருந்து தெருவுக்கு 60 அடி. ஆக 7 அங்குலத்துக்கு மேல் சரிவு. வடிகால் அடியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால், அந்த மூலையில் குழாயின் அடி பூஜ்யத்துக்கு 17 அங்குலம் கீழே இருக்க வேண்டும். தரையோ 19-இல் இருக்கிறது. குழாய் மண்ணுக்கு மேலே நிற்கும்! இதில் குழாயின் பருமனையும் மேலே மூடும் மண்ணையும் இன்னும் சேர்க்கவே இல்லை. இன்றைய மட்டத்தில் இந்த மனையின் பின்பாதி தெரு வடிகாலுக்கு வடியவே முடியாது என்பதுதான் குறிப்பு. மண் கொட்டி உயர்த்துவதா, பின்பாதியைத் தோட்டமாக விடுவதா என்பதெல்லாம் பிறகு.

இதைவிடப் பெரிய ஆபத்து தெற்கே இருக்கிறது. இன்று தண்ணீர் போகும் ஒரே இயல்பான வழி அடுத்தவரின் காலி மனை. அவர் மூன்றடி மண் கொட்டி வீடு கட்டும் நாளில் அந்த வழி அடைபடும். பக்கத்து மனை காலியாக இருந்தால், அது உயர்த்திக் கட்டப்பட்டுவிட்டது என்றே வைத்துக்கொண்டு தண்ணீர்க் கணக்கைப் போட வேண்டும்.

மட்டத்தோடு மண்ணையும் பாருங்கள். ஓரடிக்கு ஓரடி குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி ஊறவிடுங்கள். ஊறியபின் மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோல் நட்டுப் பாருங்கள். திருவான்மியூர் பக்கக் கடற்கரை மணலில் கண்முன்னே இறங்கும். பள்ளிக்கரணைப் பக்கக் களிமண்ணில் ஓர் அங்குலம்கூட இறங்காமல் நிற்கலாம். அப்படி நின்றால், தமிழ்நாட்டில் கட்டாயமான மழைநீர் சேகரிப்புக்காகத் தோண்டும் ஆழமில்லாத குழி பேருக்குத்தான் இருக்கும். எந்த ஆழத்தில் மணல் வருகிறது என்று போர் போடுகிறவரிடம் கேட்க வேண்டியிருக்கும்.

கடைசியாக, மனிதர்களிடம் கேளுங்கள். 2015 டிசம்பரில் எதுவரை தண்ணீர் வந்தது, 2023-இல் மிக்ஜாம் புயலின்போது எதுவரை வந்தது, எத்தனை நாள் நின்றது என்ற மூன்று கேள்விகள். மனை விற்கிறவரிடம் கேட்டுப் பயனில்லை. இஸ்திரி வண்டிக்காரர், பால் போடுகிறவர், வடக்கே அந்தப் பழைய வீட்டில் இருக்கும் அம்மா இவர்கள் கையை வைத்துக் காட்டுவார்கள். காட்டிய உயரத்தைப் பேச்சோடு விடாமல், டேப் பிடித்து உங்கள் பூஜ்யத்தோடு ஒப்பிட்டு எழுதுங்கள். அந்த வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் பெயிண்ட் உரிந்த கிடைக்கோடு ஒன்று இருந்தால் அதையும் அளந்துவிடுங்கள். இரண்டும் ஓரிரு அங்குலத்துக்குள் ஒத்துப்போனால் அந்த எண்ணை நம்பலாம்.

நில அளவைத் துறையின் எஃப்.எம்.பி. வரைபடத்தையும் பழைய கிராம வரைபடத்தையும் வாங்கி, ஓடை, வாய்க்கால், தாங்கல் என்று பக்கத்தில் எங்காவது எழுதியிருக்கிறதா பாருங்கள். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களுக்குப் பின்னோக்கிப் போகலாம். இன்று தெருவாக இருக்கும் இடம் அன்று நீர்ப்பிடிப்பாக இருந்தது தெரிந்தால், மேலே எழுதிய எண்களுக்கெல்லாம் காரணம் புரிந்துவிடும்.

காற்று

சென்னையில் கோடைப் பிற்பகலைக் காப்பாற்றுவது கடற்காற்று. கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும். சில நாள் 12 மணிக்கே வந்துவிடும். ஜூன், ஜூலையில் மேலைக்காற்று பலமாக இருக்கும் நாட்களில் 3 மணிக்கு மேல்தான் தலைகாட்டும், அதுவரை மேற்கிலிருந்து உலைக்காற்று. அக்டோபர் முதல் வாடை, மழையையும் சுமந்துகொண்டு வடகிழக்கிலிருந்து வரும். ஆக, ஜன்னல் திறந்து வரவேற்க வேண்டிய காற்று தென்கிழக்கில். சாரலுக்குப் பயந்து மூட வேண்டியது வடகிழக்கில்.

இது ஊரின் காற்று. மீனம்பாக்கம் வானிலை நிலையத்தின் தகவல் சொல்வதும் இதைத்தான். உங்கள் மனையில் அடிக்கும் காற்று வேறாக இருக்கலாம். நடுவில் கட்டடங்கள் இருக்கின்றன. 15 அடி மூங்கிலில் ஐந்தடி உயரத்தில் ஒன்றும் உச்சியில் ஒன்றுமாக ரிப்பன் கட்டி மனை நடுவில் நட்டுவிடுங்கள். மேல் ரிப்பன் மேற்கு நோக்கிப் பறக்க, கீழ் ரிப்பன் சும்மா தொங்கினால், முதல் தளத்துக்கு வரும் காற்று தரைத்தளத்துக்கு வரவில்லை என்று பொருள். காற்றே இல்லை என்று தோன்றும் இடத்தில் ஊதுபத்தி கொளுத்திப் பாருங்கள். ரிப்பனை அசைக்காத காற்றும் புகையைத் திருப்பும். சுற்றுமுற்றும் மொட்டை மாடிகளில் காயும் துணிகளும் சாட்சிதான்.

நம் மனையில் 4 மணிக்குக் காற்று தென்கிழக்கிலிருந்து, காலி மனையின் குறுக்காக, தாராளமாக வருகிறது. மேற்கே போய் அடுக்குமாடிச் சுவரில் முட்டுகிறது. இரண்டையும் எழுத வேண்டும். உள்ளே வரும் காற்றுக்கு வெளியேறும் வழி வேண்டும். மேற்கே அந்தப் பத்தடி இடைவெளி அவ்வளவு நல்ல வழியல்ல. வடக்கு வீட்டுக்குத் தரைத்தளம் மட்டும்தான் என்பதால் முதல் தளத்துக்கு வடக்கு திறந்திருக்கிறது. தெற்கே வீடு எழும்பினால் இப்போது வரும் காற்றில் பாதியை மறந்துவிட வேண்டியதுதான். தெருப் பக்கமாக நேர் கிழக்கிலிருந்து வருவது மட்டும் நிலைக்கும்.

சத்தம்

ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணிக்கு மனை பார்க்கப் போனால் எந்த மனையும் அமைதியாகத்தான் இருக்கும். சத்தத்துக்கு நேரம் பார்த்துப் போக வேண்டும்: வேலை நாளில் காலை 8 மணி, மாலை 7 மணி, இரவு 11 மணி. கல்யாண மண்டபம் பக்கத்தில் இருந்தால் முகூர்த்த நாளுக்கு முந்தின மாலை கட்டாயம். ஆடியிலும் மார்கழியிலும் போய்ப் பார்த்துவிட்டு ‘மண்டபச் சத்தமே இல்லை’ என்று எழுதினால் அந்தக் குறிப்பு பொய்.

போனில் இருக்கும் டெசிபல் செயலி துல்லியமானதல்ல. ஆனால் ஒரே போனை வைத்து மனையின் முன்பக்கமும் பின்பக்கமும் அளந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஓரளவு நம்பலாம். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எண்: 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன.

நம் மனையில் எல்லோர் கண்ணிலும் படுவது மண்டபம்: மாலை 6 முதல் 10 வரை நாதஸ்வரம், கச்சேரி, மின்சாரம் போனால் ஜெனரேட்டர். ஆனால் இரவு 11 மணிக்குப் போனவருக்குத்தான் தெரியும், மேற்கு அடுக்குமாடியின் சுவரில் வரிசையாகத் தொங்கும் ஏ.சி. வெளி யூனிட்கள். பகலில் பாதி அணைந்திருக்கும். கோடை இரவில் எல்லாம் ஒன்றாக ஓடும், கூடவே சூடான காற்றும். ஒவ்வொன்றும் எந்தத் தளத்தில், எந்த உயரத்தில் இருக்கிறது என்று படத்தில் குறியுங்கள்.

வேப்பமரம் சத்தத்தைத் தடுக்கும் என்று நம்ப வேண்டாம். ஒற்றை வரிசை மரம் பார்வையை மறைக்கும், சத்தத்தை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும். காம்பவுண்டுச் சுவர் தடுக்கும். ஆனால் சத்தம் எழும் இடத்தையும் உங்கள் காதையும் இணைக்கும் நேர்க்கோட்டை அது வெட்டினால் மட்டுமே. ஐந்தடிச் சுவர் முதல் தளத்துப் படுக்கையறைக்கு எந்த உதவியும் செய்யாது.

பார்வை

நின்று பார்ப்பதை மட்டும் எழுதாதீர்கள். உட்கார்ந்தவரின் கண் தரைத்தளத்தின் மட்டத்திலிருந்து நாலடி உயரம்கூட இருக்காது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து நாலு பக்கமும் பாருங்கள். பிறகு ஏணி வைத்து முதல் தளத்தின் உயரத்தில் பாருங்கள். நம் மனையில் நாற்காலியிலிருந்து ஏரி தெரியாது, தெற்கு மனையின் கருவேலம்புதர்தான் தெரியும். ஏணியில் ஏறினால் ஏரி முழுக்கத் தெரியும்.

திருப்பியும் கேட்க வேண்டும்: யார் நம்மைப் பார்க்கிறார்கள்? மேற்கு அடுக்குமாடியில் எத்தனை ஜன்னல்கள், பால்கனிகள் நம் மனையைப் பார்த்தபடி இருக்கின்றன என்று எண்ணிக் குறியுங்கள்.

பார்வையில் நிலைப்பது, நிலைக்காதது என்று இரண்டு வகை உண்டு. தெரு, பூங்கா, நீர்நிலை போன்ற பொது இடத்தின் மேலாகவே போகும் பார்வை நிலைக்கும். அடுத்தவர் மனைக்கு மேலாகப் போவது, அவர் கட்டும்வரைதான். நம் ஏரிப் பார்வை இரண்டாம் வகை. ஆனால் மனையின் தென்கிழக்கு மூலையில் ஏணி வைத்துத் தெருவின் மேலாகத் தெற்கே சாய்ந்து பார்த்தால் ஏரியின் ஒரு துண்டு தெரிகிறது. அது தெருவின் மேலாகப் போவதால் நிலைக்கும். படத்தில் முதலாவதைப் புள்ளிக்கோடாகவும் இரண்டாவதை முழுக்கோடாகவும் வரையுங்கள்.

ஐந்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பது

மனைப்படத்தை அடியில் வைத்து, ஐந்துக்கும் ஐந்து டிரேசிங் ஷீட்டில் குறியுங்கள். அக்கம்பக்கத்துக் கட்டடங்கள் 100 அடி தூரத்துக்காவது படத்தில் இருக்கட்டும். பிறகு எல்லாவற்றையும் அடுக்கி வெளிச்சத்தில் பிடித்தால், தனித்தனியாகப் பார்த்தபோது தெரியாத மோதல்கள் தெரியும்.

நம் மனையில் முதல் மோதல் தென்கிழக்கில். நல்ல காற்று, நிலைக்கும் பார்வை, மண்டபச் சத்தம் மூன்றும் ஒரே மூலையில். இங்கேதான் மணிக்குறிப்பு கைகொடுக்கும். காற்று பிற்பகலிலிருந்து முன்னிரவு வரை. சத்தம் முகூர்த்த மாலைகளில், இரவு பத்து வரை. பகலில் புழங்கும் ஹாலுக்கு அந்த மூலை பொருந்தும். சீக்கிரம் தூங்கும் பெரியவர்களின் அறைக்குப் பொருந்தாது. நேரம் எழுதாமல் ‘தென்கிழக்கு: சத்தம்’ என்று மட்டும் குறித்திருந்தால் அந்த மூலை கார் நிறுத்தப் போயிருக்கும்.

இரண்டாவது மோதல் மேற்கில். மாலை நிழல் இருக்கிறது, ஆகவே படுக்கையறை வைக்கலாம் என்று வெயில் தாள் சொல்கிறது. இரவு முழுக்க ஏ.சி. யூனிட்கள் உறுமும், ஜன்னல்கள் உற்றுப் பார்க்கும் என்று மற்ற இரண்டு தாள்களும் சொல்கின்றன. மேற்கில் படிக்கட்டும் குளியலறையும் என்ற முதல் நினைப்பு கடைசியில் சரியாகவே இருக்கலாம். ஆனால் காரணம் வெயில் அல்ல. அதனால் அங்கே வெயிலுக்கென்று இரட்டைச் சுவரோ ஆழமான சன்ஷேடோ போட்டுச் செலவழிக்க வேண்டியதில்லை.

படுக்கையறைக்கு மிஞ்சுவது வடக்கு, அதிலும் முதல் தளம். இரைச்சல் இரண்டும் தூரம். காற்று வெளியேறும் வழியும் அதுதான். மே முதல் ஆகஸ்ட் வரை வடக்கு வெயில் வரும் என்பது மட்டும் குறை. சன்ஷேடோடு ஜன்னலின் இரு பக்கமும் செங்குத்தான நிழல் பலகை தேவைப்படும். வேப்பமரம் அதில் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், ஆனால் அது அடுத்த வீட்டு மரம். இல்லாததாகவே கணக்குப் போட வேண்டும்.

தண்ணீர்த் தாள் யாரோடும் சமரசம் செய்யாது. செப்டிக் டேங்க், தரைக்கடித் தொட்டி, மோட்டார், மின் மீட்டர் எதுவும் தென்மேற்கில் வரக் கூடாது. வெள்ளம் முதலில் நிற்கும் இடம் அது. வாஸ்து பார்ப்பவர் தென்மேற்கை உயர்த்தச் சொல்வார். உயர்த்தலாம், ஆனால் உயர்த்திய பிறகு தண்ணீர் எங்கே போகும் என்பதற்கு அங்குலக் கணக்கில் விடை வைத்துக்கொண்டு உயர்த்த வேண்டும்.

வரையத் தொடங்கும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கும். தெற்கு மனைக்காரரைக் கண்டுபிடித்து, எப்போது கட்டப்போகிறார், எவ்வளவு உயர்த்தப்போகிறார் என்று கேட்க வேண்டும். காற்று, தண்ணீர், பார்வை என்று மூன்று தாள்களில் அவர் மனை இருக்கிறது.